மெட்டா அனாலிசிஸ்னு சொன்னாலே நம்பிடலாமா? ஒரு மெக்னீசியம் கதை

"பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தே நிரூபிச்சிட்டாங்க டாக்டர்"னு ஃபார்வர்டு அனுப்பறவங்களுக்காக இந்த த்ரெட்.

மாரடைப்பு வந்தவங்களுக்கு ரத்தக்குழாய் வழியா மெக்னீசியம் கொடுத்துப் பார்த்த 7 சிறிய ஆய்வுகளை 1991-ல ஒண்ணா சேர்த்தாங்க. மொத்தமே சுமார் 1,300 பேர்தான். மெக்னீசியம் கொடுக்காத 100 பேர்ல 8 பேர் இறந்தாங்க, கொடுத்த 100 பேர்ல 4 பேர். விலை குறைவு, எங்கேயும் கிடைக்கும். யாருக்குத்தான் ஆசை வராது?

1995-ல ISIS-4 முடிவு வந்தது. இந்த ஒரே ஆய்வுல 58,050 பேர். மெக்னீசியம் கொடுத்தவங்கள்ல 7.64% பேர் இறந்தாங்க, கொடுக்காதவங்கள்ல 7.24%. பலனே இல்லை.

இங்கே ரெண்டு கருவிகளைத் தெரிஞ்சுக்கணும். முதலாவது ஐ ஸ்கொயர். ஆய்வுகளோட முடிவுகள் ஒண்ணுக்கொண்ணு வேறுபடும்தானே? அந்த வேறுபாட்டுல எவ்வளவு பங்கு தற்செயலைத் தாண்டினதுன்னு சொல்ற சதவீதம் அது. பேச்சுக்கு, 7 ஆய்வுகள்னா தற்செயலா மட்டும் எதிர்பார்க்கிற வேறுபாட்டின் அளவு 6. கணக்குல 12 வந்தா, மிச்சம் 6. பன்னிரண்டுல ஆறு, அதாவது 50%.

இது குறைவா இருந்தா "எல்லா ஆய்வும் ஒத்துப்போகுது, பிரச்சனை இல்லை"ன்னு பலர் முடிவு பண்ணிடறாங்க. எனக்கு இதுல உடன்பாடு இல்லை. ஐ ஸ்கொயர் கைக்கு வந்த ஆய்வுகளை மட்டும்தான் பார்க்கும். பலன் இல்லைன்னு அலமாரியிலேயே தூங்கற ஆய்வு அதுக்கு எப்படித் தெரியும்? ஆய்வுகள் சிலதே, அதுவும் சின்னதுன்னா, நிஜமான வேறுபாடே கண்ணுக்குப் படாமப் போகலாம்.

அதுக்குத்தான் ரெண்டாவது கருவி, ஃபனல் பிளாட். ஒவ்வொரு ஆய்வும் ஒரு புள்ளி. பெரிய ஆய்வுகள் மேலே, நடுவுல நெருங்கி நிற்கும். சின்ன ஆய்வுகள் கீழே, ரெண்டு பக்கமும் சிதறும். கவிழ்த்து வெச்ச புனல் மாதிரி. மெக்னீசியம் படத்துல கீழே ஒரு பக்கம் காலி. "பலன் இல்லை"ன்னு சொல்ற சின்ன ஆய்வுகள் இருக்க வேண்டிய இடம் அது.

ஆனா காலி இடம் இருந்தாலே ஆய்வை ஒளிச்சு வெச்சாங்கன்னு சொல்லிட முடியாது. சின்ன ஆய்வுகள்ல மருந்தைச் சீக்கிரமா கொடுத்திருக்கலாம், நோயாளிகளும் வேற மாதிரி இருந்திருக்கலாம். ISIS-4-ல தாமதமா கொடுத்தாங்கன்னு அப்போவே வாதம் வந்தது. அதனால ஆபத்து அதிகமுள்ள 6,213 பேருக்குச் சீக்கிரமே கொடுத்து MAGIC ஆய்வு நடத்தினாங்க. 2002-ல முடிவு: ரெண்டு குழுவிலும் இறப்பு சுமார் 15%. வித்தியாசமே இல்லை.

இன்னொண்ணு, பத்து ஆய்வுகளுக்குக் குறைவா இருந்தா ஃபனல் பிளாட்டை வெச்சு எதுவும் உறுதியா சொல்ல முடியாது. 1991-ல இருந்தது ஏழு.

அதனால ஃபார்வர்டு வந்தா நான் முதல்ல தேடறது ஐ ஸ்கொயரை இல்லை. சேர்த்த ஆய்வுகள்ல பெருசு எது, அது தனியா என்ன சொல்லுதுன்னுதான்.