காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று



பாடசாலை வைத்திய பரிசோதனை முடிந்து வரும் பிள்ளைகளில் ஒருசிலரின் கையில் ஒரு துண்டு இருக்கும். "சிறுநீரில் புரதம், வைத்தியரைக் காணவும்." இந்த ஒரு வரி வீட்டில் எவ்வளவு கலவரத்தை உண்டாக்கும் என்பது எனக்குத் தெரியும். அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கச் சிறுநீரக நோய்ச் செய்திகளைக் கேட்டுக் கேட்டு, "புரதம்" என்றதும் டயலிசிஸ் வரைக்கும் நம் மனம் ஓடிவிடுகிறது. ஆனால் பத்து வயதுக்கு மேற்பட்ட, மற்றப்படி சுகமான பிள்ளைகளின் சிறுநீரில் இப்படித் தொடர்ந்து புரதம் காணப்படுவதற்கு மிகச் சாதாரணமான காரணம் ஒரு நோயே அல்ல. நிற்கும்போதும் நடக்கும்போதும் மட்டும் புரதம் கசியும், படுத்திருக்கும்போது கசியாது. இதை வைத்தியர்கள் ஓர்தோஸ்ரற்றிக் புரோட்டீனூரியா என்பார்கள். 'நிமிர்ந்திருக்கும்போது வரும் புரதம்' என்று நாம் வைத்துக்கொள்வோம்.

சிறுநீரகத்தின் வடிகட்டி எல்லோரிலும் மிகச் சிறிதளவு புரதத்தை விடத்தான் செய்கிறது. நாம் எழுந்து நிற்கும்போது சிறுநீரகத்தின் இரத்த ஓட்டம் சற்று மாறுவதால் அந்த அளவும் சற்றுக் கூடும். வேகமாக வளரும் பிள்ளைகள் சிலரில் அது பல மடங்காகக் கூடிவிடுகிறது. பலரில் இதற்கு ஓர் உடலமைப்புக் காரணம் உண்டு. இடது சிறுநீரகத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோகும் நாளம், பெருநாடிக்கும் குடலுக்குச் செல்லும் நாடிக்கும் இடையில் நுழைந்து செல்கிறது. மெலிந்து உயர்ந்த பிள்ளை நிமிர்ந்து நிற்கும்போது அந்த இடுக்கில் நாளம் நெரிபடும், பின்னால் அமுக்கம் ஏறும், புரதம் கசியும். படுத்ததும் நெரிவு தளரும். உணவில் உள்ள மீனுக்கோ முட்டைக்கோ இதில் பங்கில்லை.

எங்கள் கிளினிக்குக்கு வந்த 14 வயது மாணவி ஒருவரின் கதையைச் சொல்கிறேன். ஒல்லியான, உயரமான பிள்ளை, வலைப்பந்து விளையாடுபவர். பாடசாலையில் சிறுநீர் எடுத்த நேரம் பகல் பதினொரு மணி. சோதனைப் பட்டியில் இரண்டு பிளஸ். தாயார் அன்றிலிருந்து மீன், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒரு மாதம் கழித்து வந்தார். "டொக்டர், பிள்ளையின்ர கிட்னி பழுதாப் போச்சோ?" என்பதுதான் முதல் கேள்வி.

முகத்திலோ காலிலோ வீக்கம் இல்லை. இரத்த அழுத்தம் அந்த வயதுக்குச் சரி. சிறுநீரில் இரத்தம் இல்லை. இந்த மூன்றில் ஒன்று பிழைத்திருந்தாலும் நான் வேறு பாதையில்தான் போயிருப்பேன். மூன்றும் சரியாக இருந்தபடியால் காலைச் சிறுநீரைப் பற்றிக் கேட்டேன். வேறொரு இடத்தில் "காலையில் எடுத்து வாருங்கள்" என்று சொன்னதாகவும், கொண்டுபோய்ப் பார்த்ததில் ஒரு பிளஸ் வந்ததாகவும் தாயார் சொன்னார். காலையிலும் புரதம் என்றால் அது கவனிக்க வேண்டிய விடயம். ஆனால் அந்த இரவு எப்படிப் போனது என்று விசாரித்தபோது விளக்கம் கிடைத்தது. பிள்ளை எட்டு மணிக்குச் சிறுநீர் கழித்திருக்கிறார், பிறகு மேசையில் இருந்து பதினொரு மணிவரை படித்திருக்கிறார், அப்படியே போய்ப் படுத்துவிட்டார். அந்த மூன்று மணி நேரம் நிமிர்ந்திருந்தபோது உண்டான சிறுநீர் பையிலேயே தங்கி, இரவில் ஊறியதோடு கலந்து, காலைப் போத்தலுக்குள் வந்துவிட்டது. பெயரில் மட்டும்தான் அது காலைச் சிறுநீர்.

ஆகவே முறையைத் தாயாருக்கும் மகளுக்கும் சேர்த்தே சொன்னேன். அன்று பின்னேரம் கடும் விளையாட்டு வேண்டாம். படுக்கையில் சாயும் கடைசி நிமிடத்தில் சிறுநீரை முழுதாகக் கழிக்க வேண்டும், இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். இரவில் எழுந்து நடமாடக் கூடாது. எழும்பிப் போக நேர்ந்தால் அந்த இரவை விட்டுவிட்டு இன்னொரு நாள் பார்க்கலாம். போத்தலை மாலையிலேயே கழிவறையில் தயாராக வைக்க வேண்டும். விடிந்ததும் முகம் கழுவி, தேநீர் குடித்து, பிறகு எடுப்பதல்ல. எழுந்து நேரே போய், முதலில் சிறிது விட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். போத்தலில் நேரத்தை எழுத வேண்டும். பிறகு வழமைபோல் பாடசாலை சென்று வந்து, பின்னேரம் இரண்டு மணியளவில் வேறொரு போத்தலில் இரண்டாவது மாதிரி. அதிலும் நேரம் எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஆய்வுகூடத்தில் இரண்டும் ஒன்றுதான்!

மாதவிடாய் நாட்களிலும் அதை ஒட்டிய நாட்களிலும் எடுக்க வேண்டாம். காய்ச்சல் உள்ளபோதும் வேண்டாம். காய்ச்சலே சில நாட்களுக்குப் புரதத்தைக் கொண்டுவரும்.

இரண்டு மாதிரிகளிலும் புரதத்தோடு கிரியற்றினினையும் அளக்கச் சொன்னேன். காரணம் எளிது. தண்ணீர் குறைவாகக் குடித்தால் சிறுநீர் இறுகி, பட்டியில் புரதம் அதிகம் போலத் தெரியும், நிறையக் குடித்தால் நீர்த்து, குறைவு போலத் தெரியும். கிரியற்றினின் நாள் முழுதும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வெளியேறும் பொருள் என்பதால், புரதத்தை அதனால் வகுத்தால் தண்ணீரின் ஏமாற்று நீங்கிவிடும். விடை 0.2 இற்குக் கீழ் என்றால் சாதாரணம்.

அந்தப் பிள்ளையின் காலை மாதிரியில் டெசிலீற்றருக்குப் புரதம் 12 மில்லிகிராம், கிரியற்றினின் 150. வகுத்தால் 0.08. அதே நாள் பின்னேரம் புரதம் 96, கிரியற்றினின் 120. வகுத்தால் 0.8. காலையில் சுத்தம், பின்னேரம் பத்து மடங்கு! ஒரு நாளோடு முடிவு செய்யாமல் வேறு இரண்டு நாட்களும் எடுத்தோம். மூன்று காலையும் 0.2 இற்குக் கீழ், மூன்று பின்னேரமும் அதற்கு மேல். இரத்தத்தில் கிரியற்றினினும் அல்புமினும் சரியாகவே இருந்தன. 24 மணி நேரச் சிறுநீரைப் பெரிய கலனில் சேர்க்கும் தொல்லை அவருக்குத் தேவைப்படவில்லை. உண்மையில், பகலையும் இரவையும் ஒரே கலனில் கலந்து சேர்த்தால் நாம் தேடும் வித்தியாசமே மறைந்துவிடும்.

காலை மாதிரி ஒழுங்காக எடுத்தும் 0.2 இற்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால், அதற்கு இந்தப் பெயரைச் சூட்டக் கூடாது. சிறுநீரக நோயிலும் பகலில் புரதம் கூடும், காலையில் குறையும். ஆனால் காலையில் சாதாரண நிலைக்கு இறங்காது. "குறைந்திருக்கிறதே" என்று திருப்திப்பட்டுவிடுவதுதான் ஆபத்து. அத்தகைய பிள்ளைகளைச் சிறுநீரக வைத்திய நிபுணரிடம் தாமதமின்றி அனுப்ப வேண்டும். சிறுநீர் தேயிலைச் சாயம் போல் வந்தாலும், கண்ணிமைகள் காலையில் வீங்கினாலும் அப்படியே.

எங்கள் மாணவிக்கு மருந்து எதுவும் கொடுக்கவில்லை. மீனும் முட்டையும் மறுநாளே திரும்பின. வலைப்பந்தை நிறுத்தவும் வேண்டியதில்லை என்றதும் பிள்ளையின் முகம் மலர்ந்ததைச் சொல்ல வேண்டுமா? இந்த நிலை பெரும்பாலும் வளர்ந்து முடியும்போது மறைந்துவிடும், முப்பது வயதுக்குப் பின் காண்பது அரிது. இத்தகைய இளைஞர்களை 20 வருடங்கள் பின்தொடர்ந்து 1982 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றிலும் அவர்களின் சிறுநீரகங்கள் நன்றாகவே இருந்தன.

வருடத்துக்கு ஒருமுறை முதற்காலைச் சிறுநீரும் இரத்த அழுத்தமும் பார்த்தால் போதும். அத்துடன் அந்த அறிக்கைகளை ஒரு கோவையில் பத்திரப்படுத்துங்கள் என்று தாயாரிடம் சொன்னேன். நாளைக்கு வேலைக்கோ வெளிநாட்டுக்கோ மருத்துவச் சான்றிதழ் எடுக்கும்போது நிச்சயம் பகலில்தான் சிறுநீர் கேட்பார்கள், மீண்டும் இரண்டு பிளஸ் வரும். அப்போது நேரம் குறித்த அந்த ஆறு அறிக்கைகளையும் மேசையில் வைக்கலாம்.