ஒட்டிய நொடியிலேயே கைமாறிவிடும் கணக்கு

ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி ஜிஎஸ்டி இணையதளத்தில் வணிகர்களுக்கு ‘ஜிஎஸ்டிஆர்-2பி’ என்ற பட்டியல் வந்துவிடும். நமக்குச் சரக்கு விற்றவர்கள் அரசுக்குக் காட்டியிருக்கும் ரசீதுகள் அதில் இருக்கும். கடையின் கொள்முதல் பதிவேட்டோடு அதை ஒப்பிட்டு, விடுபட்டதைக் கண்டுபிடித்து, 20-ஆம் தேதிக்குள் ‘3பி’ படிவம் போட வேண்டும். காஞ்சிபுரம் காந்தி சாலையில் உள்ள ஒரு பட்டு ஜவுளிக்கடையின் கணக்கை ஓர் ஆடிட்டர் அலுவலகம் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். முகூர்த்த சீசன் முடிந்த மாதத்தில் இரண்டு பட்டியல்களிலும் சில நூறு வரிகள் இருக்கும். ஒன்றில் ‘A/045’ என்று இருக்கும் ரசீது எண் இன்னொன்றில் ‘A/45’ என்று இருக்கும். உட்கார்ந்து ஒத்துப்பார்த்தால் ஒரு நாள் போய்விடும். இரண்டையும் நகலெடுத்து இலவச சாட்ஜிபிடியில் ஒட்டி, ‘வித்தியாசத்தை மட்டும் காட்டு’ என்று கேட்டால் சில நிமிடங்களில் பட்டியல் வந்துவிடும். வேலை செய்பவர் திருடவில்லை, விற்கவில்லை, சோம்பேறியும் இல்லை. ஆனாலும் ஒட்டிய அந்த நொடியிலேயே ரகசியம் காக்கும் கடமை மீறப்பட்டுவிட்டது. பின்னால் அந்தத் தகவல் கசிகிறதா இல்லையா என்பது அடுத்த கேள்வி.

என்ன கைமாறியது என்பதை முதலில் பார்க்கலாம். கொள்முதல் பதிவேடு வெறும் எண்கள் அல்ல. கடைக்குப் பட்டு நூல் யாரிடமிருந்து வருகிறது, ஜரிகை யாரிடமிருந்து வருகிறது, என்ன விலை, எத்தனை நாள் கடன் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர் அறியத் துடிக்கும் விஷயம் இதுதான். ‘பெயர்களை அழித்துவிட்டுத்தானே ஒட்டினேன்’ என்று பலர் சொல்வார்கள். ஜிஎஸ்டி எண்ணை அழித்தார்களா? அழித்திருந்தால் ஒப்பிட முடிந்திருக்காது, ஏனென்றால் ஒப்பிடுவதே அந்த எண்ணை வைத்துத்தான். அதன் 15 இடங்களில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு: 33 என்றால் தமிழ்நாடு, 29 கர்நாடகம், 24 குஜராத். அடுத்த 10 இடங்கள் அப்படியே வணிகரின் பான் எண். பான் எண்ணின் நான்காவது எழுத்து ‘P’ என்றால் அவர் தனிநபர். அந்த எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தின் தேடல் பகுதியில் இட்டால், கணக்கு எதுவும் தொடங்காமலே யாரும் பெயரையும் முகவரியையும் பார்க்கலாம். பெயரை அழித்த பட்டியல் என்பது முகத்தை மூடிக்கொண்டு சட்டைப்பையில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டவரைப் போன்றது.

இது யாருடைய கடமை? பட்டயக் கணக்காளர்கள் சட்டம் 1949-இன் இரண்டாம் அட்டவணை, முதல் பகுதி, முதல் உட்பிரிவு இதைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறது. தொழில் முறையில் கிடைத்த தகவலை, வாடிக்கையாளரின் சம்மதம் இல்லாமல், சட்டம் கேட்காத நிலையில், வாடிக்கையாளர் அல்லாத எவருக்கும் வெளியிட்டால் அது தொழில்முறைத் தவறு. அங்கே ‘கசிந்தால்’ என்ற சொல் இல்லை, ‘நஷ்டம் வந்தால்’ என்ற நிபந்தனையும் இல்லை. பட்டயக் கணக்காளர்களின் நன்னடத்தை விதிகள் இன்னொரு படி போகின்றன. தெரியாமல் வெளியாவதிலும் விழிப்பாக இருக்க வேண்டும், தன்கீழ் வேலை செய்பவர்களும் ரகசியம் காப்பதற்குரிய ஏற்பாட்டைச் செய்ய வேண்டும் என்கின்றன. ஆகவே பயிற்சி மாணவரோ கணக்கு எழுதுபவரோ ஒட்டினாலும் கேள்வி கையெழுத்துப் போடும் ஆடிட்டரிடம்தான் வரும். வழக்கறிஞர் அலுவலகத்திலும் இதே நிலைதான். கட்சிக்காரரின் பேச்சைக் காக்கும் கடமையைப் பாரதிய சாட்சிய சட்டத்தின் 132-ஆவது பிரிவு குமாஸ்தாவுக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சேர்த்தே விதிக்கிறது.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. ‘இயந்திரத்திடம் கொடுப்பது எப்படி வெளியிடுவதாகும்? அங்கே யாரும் உட்கார்ந்து படிப்பதில்லையே!’ படிப்பதில்லை என்பது எப்போதும் உண்மையல்ல. தவறான பயன்பாட்டைக் கண்காணிக்கவும் சேவையைச் சீராக்கவும் உரையாடல்களை ஊழியர்கள் பார்க்க நேரலாம் என்று இந்நிறுவனங்களின் விதிமுறைகளே சொல்கின்றன. இலவசக் கணக்கில், நாம் அமைப்பில் போய் மாற்றாதவரை, உரையாடலை அடுத்த மாதிரியைப் பயிற்றுவிக்கவும் பயன்படுத்தலாம். அழித்துவிட்டால் போதும் என்பாரும் உண்டு. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை ஓப்பன்ஏஐ மீது தொடுத்த வழக்கில், 2025 மே மாதம் அமெரிக்க நீதிமன்றம், பயனர்கள் அழித்த உரையாடல்களையும் சேர்த்துப் பாதுகாத்து வைக்கும்படி உத்தரவிட்டது. அந்த ஏற்பாடு செப்டம்பர் வரை நீடித்தது. எங்கோ இரண்டு நிறுவனங்களுக்கு இடையே நடந்த வழக்கு, ‘அழித்துவிட்டேன்’ என்று நம்பிய ஒருவரின் உரையாடலையும் நான்கு மாதத்துக்கு மேல் அழியாமல் வைத்திருந்தது. கொடுத்த பொருளைத் திரும்ப வாங்கும் அதிகாரம் நம் கையில் இல்லாதபோது, அதைக் கைமாற்றம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நடந்தது இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட வீடுகளுக்கான திட்டத்தில் ஒப்பந்தப் பணியில் இருந்த ஒருவர், 2025 மார்ச்சில், 12,000 வரிகள் கொண்ட எக்செல் கோப்பைச் சாட்ஜிபிடியில் ஏற்றினார். 3,000 பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று மறுசீரமைப்பு ஆணையம் அக்டோபரில் அறிவித்தது. எந்தத் தகவலும் பொதுவெளிக்கு வந்ததற்குச் சான்று இல்லை என்றும் அதே அறிவிப்பு சொன்னது. அப்படியிருந்தும் அதைத் தகவல் மீறல் என்றே கருதி, மக்களிடம் சொல்லி, மன்னிப்பும் கேட்டார்கள். ஏற்றியதே மீறல் என்றுதான் அங்கே எடுத்துக்கொள்ளப்பட்டது.

இரண்டாவது மறுப்பு இன்னும் நியாயமானது. ‘மின்னஞ்சலில் கணக்கை அனுப்புகிறோம், மேகச் சேமிப்பில் டாலி கோப்பை வைக்கிறோம். அதெல்லாம் சரி, இது மட்டும் தவறா?’ வேறுபாடு தொழில்நுட்பத்தில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது. அலுவலகம் பணம் கட்டி வாங்கிய சேவையில், தகவலை என்ன செய்யலாம், எப்போது அழிக்க வேண்டும் என்று அலுவலகத்துக்கும் சேவை நிறுவனத்துக்கும் இடையே எழுத்தில் இருக்கும். ஊழியர் தன் சொந்த ஜிமெயிலில் தொடங்கிய இலவசக் கணக்கில் ஒப்பந்தம் அவருக்கும் அந்நிறுவனத்துக்கும் இடையே மட்டுமே. அலுவலகம் அதில் ஒரு தரப்பே இல்லை. அவர் வேலையை விட்டுப் போனால், பட்டுக்கடையின் பதிவேடு உள்ள உரையாடல் வரலாறும் அவரோடு போய்விடும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, இன்னொருவரைக் கொண்டு தரவைக் கையாளுவதானால் செல்லுபடியாகும் ஒப்பந்தம் வேண்டும் என்று 8-ஆவது பிரிவில் சொல்வது இதனால்தான். அமெரிக்க நீதிமன்ற உத்தரவிலிருந்தும், பெருநிறுவனங்களுக்கான எண்டர்பிரைஸ் கணக்குகளுக்கு விலக்கு இருந்தது. ஒரே இயந்திரம்தான், வாசல் மட்டும் வேறு. அந்த வாசல்தான் தீர்மானிக்கிறது.

இந்தத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எதைத் தொடாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும். அப்போது, போதிய பாதுகாப்பு இல்லாவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. ஆனால் இது தனிநபர் தரவுக்கான சட்டம். நெசவாளரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, கூலிப் பட்டியல் இதற்குள் வரும். ஆனால் தீபாவளிக்கென்று ஒரு கடை வரையவைத்த புதிய பார்டர் வடிவம் தனிநபர் தரவு அல்ல. நிறத்தை மாற்றிப் பார்ப்பதற்காக வரைபடக் கலைஞரின் உதவியாளர் அதைப் பொதுக் கருவி ஒன்றில் ஏற்றினால், கடைக்காரரைக் காப்பது இருவருக்கும் இடையே உள்ள ஒப்பந்தமும் நம்பிக்கைக் கடமையும்தான். காஞ்சியில் அந்த ஒப்பந்தம் பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே இருப்பதால், இந்த இடத்தில்தான் ஓட்டை பெரிது.

அப்படியானால் தடை செய்துவிட்டால் என்ன? மத்திய நிதி அமைச்சகம் 2025 ஜனவரி 29 தேதியிட்ட சுற்றறிக்கையில், சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றை அலுவலகக் கணினிகளிலும் சாதனங்களிலும் பயன்படுத்த வேண்டாம் என்றது. ரகசிய ஆவணங்களைக் கையாளும் அமைச்சகத்துக்கு அது பொருந்தும். காஞ்சிபுரம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் சாம்சங்கின் கதையும் தடையில்தான் முடிந்தது. 2023-இல் கொரியாவில் அதன் செமிகண்டக்டர் பிரிவில் சாட்ஜிபிடியை அனுமதித்த சில வாரங்களுக்குள், ஊழியர்கள் மூலநிரலையும் கூட்டக் குறிப்பையும் ஒட்டியது தெரியவந்தது. மே மாதம் இத்தகைய கருவிகளுக்குத் தடை வந்தது. ஆனால் சாம்சங்கால் சொந்தக் கருவியை உருவாக்க முடியும். ஐந்து பேர் வேலை செய்யும் அலுவலகத்தால் முடியாது. அங்கே கணினியில் தடை போட்டால், ஊழியர் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்து ஒட்டுவார். வேலை 20-ஆம் தேதிக்குள் முடிய வேண்டும் என்ற நெருக்கடி அப்படியே இருக்க, வழியை மட்டும் அடைத்தால் மீறல் நிற்காது, கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

எனவே கொள்கை ஒரு பக்கம் போதும், ஆனால் அது வேலையை அறிந்து எழுதப்பட வேண்டும். இலவசக் கணக்கில் எது போகக் கூடாது என்பதைப் பெயர் சொல்லி எழுத வேண்டும்: வாடிக்கையாளர் பெயர், ஜிஎஸ்டி எண், பான், ஆதார், வங்கி எண், வெளிவராத வடிவம். ‘முக்கியத் தகவல்’ என்று பொதுவாக எழுதினால் அவரவர் விருப்பப்படி பொருள் கொள்வார்கள். எது போகலாம் என்பதையும் சொல்ல வேண்டும். தரவைக் கொடுக்காமல் வழியை மட்டும் கேட்கலாம் என்பதே அதன் சாரம். கற்பனையான இரண்டு வரிகளைக் கொடுத்து, இரண்டு தாள்களை ஜிஎஸ்டி எண்ணாலும் ரசீது எண்ணாலும் ஒப்பிடுவது எப்படி என்று கேட்டால், எக்செல்லின் COUNTIFS சூத்திரம் கிடைக்கும். அதை அலுவலகக் கணினியிலேயே ஓட்டினால், விடை 0 என்று வரும் வரிகள்தான் விடுபட்டவை. ‘A/045’ என்பதும் ‘A/45’ என்பதும் வேறு என்று அது நினைக்கும் என்பது உண்மை. ஆனால் சில நூறு வரிகள் சில பத்தாகக் குறைந்துவிடும், அவற்றைக் கண்ணால் பார்த்துவிடலாம். அதற்கும் நேரமில்லை என்றால் அலுவலகமே தன் பெயரில், தரவைப் பயிற்சிக்கு எடுக்காத வணிகக் கணக்கை வாங்கி, அதைப் பயன்படுத்த வாடிக்கையாளரின் சம்மதத்தை நியமனக் கடிதத்திலேயே பெறலாம். 1949 சட்டம் அந்தச் சம்மதத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது.

தவறி ஒட்டியவர் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். எதை, எப்போது, எந்தக் கணக்கில் ஒட்டினார் என்பதைக் குறித்துக்கொண்டு, உரையாடலை அழித்து, பயிற்சிக்கான அனுமதியை நிறுத்தி, அன்றே பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். தனிநபர் தரவு மீறலின் விவரத்தை, அது தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குத் தர வேண்டும் என்கின்றன புதிய விதிகள். சொன்னவருக்கு வேலை போகும் என்றால் யாரும் சொல்லமாட்டார்கள், மீறல் நடந்ததே அலுவலகத்துக்குத் தெரியாது.

பட்டுக்கடைக்காரருக்கும் இதில் ஒரு வேலை உண்டு. நூலைத் தொட்டுப் பார்க்காமலும் ஜரிகையை உரசிப் பார்க்காமலும் அவர் சரக்கு எடுப்பதில்லை. ஆடிட்டரிடமும் ஒரு கேள்வி கேட்கலாம்: ‘என் பதிவேடு எந்தக் கணக்கு வழியாகப் போகிறது? அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது?’ அதற்கு உடனே விடை சொல்ல முடியாத அலுவலகத்தில், பதிவேடு ஏற்கெனவே வெளியே போயிருக்க வாய்ப்புண்டு.