பொங்கும் பாலும் பிரெஞ்சு வாசகரும்

'புதுப்பானையில் பால் பொங்கியது, பாட்டி குலவையிட்டாள், பிள்ளைகள் "பொங்கலோ பொங்கல்" என்று கூவினர்.' சிறுகதை ஒன்றில் இத்தொடர் வந்தால் தமிழ் வாசகருக்கு விளக்கம் தேவையில்லை. பிரெஞ்சு வாசகரின் நிலை வேறு. அவர்தம் சமையலறையில் அடுப்பில் பால் வழிவது கவனக்குறைவால் நேரும் தவறு. தவறு நேர்ந்ததும் ஒரு குடும்பமே மகிழ்வது ஏன் என்று அவர் திகைப்பார்.

இதனைத் தீர்க்க மொழிபெயர்ப்பாளர் பலர் நாடுவது அடிக்குறிப்பு. தை முதல் நாள், அறுவடை, கதிரவன் வழிபாடு ஆகியவற்றை அது சரியாகவே கூறும். ஆயினும், குலவை ஒலிக்கும் கணத்தில் வாசகரின் கண் பக்கத்தின் அடிக்கு இறங்கிவிடும். அவர் செய்தியை அறிவார், மகிழ்ச்சியை இழப்பார். பொங்கலுக்கு ஈடாக, 'ரி ஓ லே' என்னும் பிரெஞ்சுப் பாற்சோற்றின் பெயரை இடுவாரும் உளர். அப்போது உண்ணும் பொருள் ஓரளவு விளங்கும், விழா மறைந்துவிடும்.

பொங்கல் என்பது 'பொங்கு' என்னும் வினையடியாகப் பிறந்த தொழிற்பெயர். விழாவிற்கும் உணவிற்கும் அதுவே பெயர். எனவே, சொல்லை மாற்றாமல் செயலை விளக்குவதே தக்க வழி. விளிம்பு எனப் பொருள்படும் 'போர்' என்னும் சொல்லிலிருந்து பிறந்த 'தெபோர்தே' என்னும் வினை பிரெஞ்சில் உண்டு. விளிம்பைக் கடந்து வழிதல் என்பது அதன் பொருள். அவ்வினையைக் கொண்டு, 'பால் பானையின் விளிம்பைக் கடந்து வழிந்தது. ஆண்டு முழுதும் வளம் பெருகும் என்று பாட்டி குலவையிட்டாள்' என எழுதலாம். அதன்பின், பிள்ளைகளின் கூவலைத் தமிழொலியிலேயே விட்டுவிடலாம். அதன் பொருளை முன்னுள்ள சொற்களே உணர்த்திவிடும்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. 'பொங்கல் நம் அறுவடைத் திருநாள்' என்று பாட்டி தன் பேரனிடம் கூறுவதாக எழுதினால் அஃது உரையாடலாகாது. ஒளித்துவைத்த அடிக்குறிப்பே ஆகும். கதைமாந்தர் தமக்குள் இயல்பாகப் பேசும் பேச்சா என்று பார்த்தாலே இக்குறை தெரிந்துவிடும். அதே கதையில் பின்னர் ஒருவர் உணவகத்தில் 'பொங்கல்' கேட்டால், வாசகர் விழாவை நினைத்துக் குழம்பக்கூடும். அங்கே 'மிளகும் சீரகமும் மணக்கக் குழைந்த அரிசியும் பருப்பும்' என ஒரு தொடர் சேர்த்தால் போதும். மறுமுறை அச்சொல் வருமிடத்தில் விளக்கம் வேண்டா. ஆய்வுப் பதிப்புகளுக்கு அடிக்குறிப்பு பொருந்தும். கதைக்கு அது சுமையாகும்.

'கறி' என்னும் தமிழ்ச்சொல் பிரெஞ்சில் 'காரி' என வழங்குகிறது. பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட ரீயூனியன் தீவில் அஃது அன்றாட உணவின் பெயர். அச்சொல்லை அங்கு நிலைபெறச் செய்தது பக்கத்தின் அடியில் எழுதிய குறிப்பன்று. மக்களின் அன்றாட வழக்கே ஆகும். பொங்கலும் குலவையும் பிரெஞ்சு நூலுள் அவ்வாறே வாழ்தல் வேண்டும்.