வாடகைதாரர் இறந்த பிறகு வீடு யாருக்கு?

வாடகை வீட்டில் குடும்பத்தோடு வாழ்ந்த ஒருவர் இறந்துவிடுகிறார். வாடகைச் சீட்டு அவர் பெயரில்தான் இருந்தது. இனி அந்த வீட்டில் இருக்கும் உரிமை யாருக்கு? சொந்த வீடாக இருந்தால் வாரிசுச் சட்டமே விடை சொல்லிவிடும். வாடகை வீட்டில் விடை அவ்வளவு எளிதில்லை. இந்தியாவில் வாடகைச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. இந்தக் கேள்விக்கு மிக விரிவாக விடை எழுதி வைத்திருக்கும் சட்டங்களில் ஒன்று 1958ஆம் ஆண்டின் டெல்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டாத கட்டடங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். கரோல்பாக் போன்ற பழைய பகுதிகளில் பல பத்தாண்டுகளாகக் குறைந்த வாடகையில் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பில்தான் இருக்கிறார்கள்.

இந்தச் சட்டத்தைப் புரிந்துகொள்ள முதலில் இரண்டு வகை வாடகைதாரர்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வீட்டு உரிமையாளரோடு செய்துகொண்ட ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருந்தால் அவர் ஒப்பந்த வாடகைதாரர். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. மாதாமாதம் வாடகை கொடுத்து வாங்குவதும் ஒப்பந்தமே. உரிமையாளர் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து அந்த ஒப்பந்தத்தை முடித்துவிடலாம். ஆனால் ஒப்பந்தம் முடிந்த உடனே வாடகைதாரரை வெளியேற்றிவிட முடியாது. சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்று இருந்தால்தான் வெளியேற்ற உத்தரவு கிடைக்கும். அதுவரை அவர் சட்டத்தின் பலத்தால் வீட்டில் தொடர்கிறார். இவரைச் சட்டவழி வாடகைதாரர் என்போம்.

உயிரோடு இருக்கும்வரை இருவருக்கும் அன்றாட வாழ்வில் வேறுபாடு தெரியாது. அதே வீடு, அதே வாடகை. இறந்த பிறகுதான் வேறுபாடு தெரிகிறது.

ஒப்பந்த வாடகைதாரர் இறந்தால், அவருடைய வாடகை உரிமை மற்றச் சொத்துகளைப் போலவே வாரிசுகளுக்குப் போகிறது. இந்துவாக இருந்தால் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகளில் வருகிறார்கள். அவர்கள் அதே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இங்கே இல்லை. அவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே வாடகை உரிமையைக் கூட்டாகப் பெறுகிறார்கள். 1989இல் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் விளக்கியது. ஆகவே உரிமையாளர் அவர்களில் ஒருவருக்குக் கொடுக்கும் நோட்டீஸே போதுமானது.

சட்டவழி வாடகைதாரர் இறந்தால் நிலைமை வேறு. அவருக்கு இருப்பது வீட்டில் இருக்கும் தனிப்பட்ட உரிமை மட்டுமே, அது அவரோடு முடிகிறது என்று நீதிமன்றங்கள் முன்பு தீர்ப்பளித்தன. அதனால் குடும்பங்கள் திடீரெனத் தெருவுக்கு வரும் நிலை இருந்தது. இதைச் சரிசெய்ய 1976இல் சட்டம் திருத்தப்பட்டது. திருத்தம் 1975 டிசம்பர் 1 முதலே செல்லும் என்றும் அறிவிக்கப்பட்டது. இறந்தவரின் குடும்பத்தில் யார் தொடரலாம், எவ்வளவு காலம் தொடரலாம் என்பதை அது வரையறுத்தது.

திருத்தம் நான்கு படிகளை வகுக்கிறது. முதல் படியில் கணவன் அல்லது மனைவி. இரண்டாம் படியில் மகனும் மகளும். மூன்றாம் படியில் பெற்றோர். நான்காம் படியில், முன்பே இறந்துபோன மகனின் மனைவி, அதாவது விதவை மருமகள். மேல் படியில் தகுதியுள்ள ஒருவர் இருந்தால் கீழ்ப் படிக்கு உரிமை இறங்காது.

தகுதி என்றால், இறந்தவரோடு அவர் இறக்கும்வரை அதே வீட்டில் குடும்ப உறுப்பினராக வழக்கமாக வாழ்ந்திருக்க வேண்டும். வேறு ஊரில் குடியேறிவிட்ட மகனுக்கு இந்தத் தகுதி இல்லை. மணமான மகள் அதே வீட்டில் வாழ்ந்திருந்தால் அவளுக்குத் தகுதி உண்டு. மனைவி நீண்டகாலமாகப் பிரிந்து வாழ்ந்திருந்தால் உரிமை அடுத்த படிக்கு இறங்கும்.

பட்டியலில் இல்லாதவர்களையும் கவனிக்க வேண்டும். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை இல்லை. பேரன், பேத்தி இல்லை. மகள் இறந்திருந்தால் அவள் கணவருக்கும் இடமில்லை. எத்தனை ஆண்டுகள் அதே வீட்டில் வாழ்ந்திருந்தாலும் இவர்களுக்கு இந்தத் திருத்தத்தின் கீழ் உரிமை வராது. இறந்தவர்மீது ஏற்கெனவே வெளியேற்ற உத்தரவு பிறந்திருந்தாலும் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

அடுத்து, எவ்வளவு காலம் என்ற கேள்வி. இங்கே சட்டம் ஒரே ஒரு நாளைப் பார்க்கிறது. வாடகைதாரர் இறந்த அந்த நாளில், உரிமை பெறுபவர் பணத்துக்கு அவரை நம்பி வாழ்ந்தவரா? ஆம் என்றால் வாழ்நாள் முழுவதும் தொடரலாம். இல்லை என்றால் ஓர் ஆண்டு மட்டுமே தொடரலாம். இரண்டு நிலையிலும் உரிமை அவருக்கே உரியது. அவர் இறந்தால் அவருடைய வாரிசுகளுக்கு அது போகாது.

ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்து இதைப் பார்ப்போம். கரோல்பாக்கில் இரண்டு அறை வீடு. மாத வாடகை 900 ரூபாய். 1998இல் உரிமையாளர் நோட்டீஸ் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துவிட்டார். ஆனால் வெளியேற்ற உத்தரவு எதுவும் வரவில்லை. ஆகவே வாடகைதாரர் சட்டவழி வாடகைதாரராகத் தொடர்ந்தார். 2015 மார்ச்சில் அவர் இறக்கிறார். வீட்டில் மனைவி, வேலைக்குப் போகும் மகன், கல்லூரியில் படிக்கும் மகள், இருபது ஆண்டுகளாக உடன் வாழும் தம்பி ஆகியோர் இருக்கிறார்கள்.

மனைவிக்குத் தனி வருமானம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் படியில் அவர் இருப்பதால் உரிமை அவருக்கு மட்டும் போகிறது. அவர் வாழ்நாள் முழுவதும் இருக்கலாம். பிள்ளைகளும் தம்பியும் அவரோடு வசிக்கலாம். ஆனால் அவர்களுக்கெனத் தனி உரிமை இல்லை. மனைவி இறக்கும் நாளில் உரிமை முடிகிறது. அது மகனுக்கோ மகளுக்கோ போகாது.

மனைவி ஓய்வு பெற்ற ஆசிரியை, தன் ஓய்வூதியத்தில் வாழ்பவர் என்று மாற்றிப் பார்ப்போம். அவர் கணவரை நம்பி வாழவில்லை. ஆகவே 2016 மார்ச் வரை மட்டுமே அவருக்கு உரிமை. அந்த ஓர் ஆண்டு முடிந்ததும் உரிமை மகளுக்கு இறங்கும் என்று பலரும் நினைப்பார்கள். இறங்காது. ஒருவரின் உரிமை இப்படி முடிந்தால், அதே படியில் வேறு ஒருவர் இருந்தால் அவர் தொடரலாம். கீழ்ப் படிக்கு அது போகாது என்று சட்டமே தெளிவாகச் சொல்கிறது. முதல் படியில் வேறு யாரும் இல்லை. எனவே அப்பாவை நம்பியே படித்துக்கொண்டிருந்த மகளும் வீட்டை இழக்கிறாள்.

மனைவி முன்பே இறந்துவிட்டார் என்று இன்னொரு முறை மாற்றுவோம். இப்போது மகனும் மகளும் இரண்டாம் படியில் சேர்ந்து வருகிறார்கள். சம்பாதிக்கும் மகனுக்கு ஓர் ஆண்டு. அப்பாவை நம்பியிருந்த மகளுக்கு வாழ்நாள். மகனின் உரிமை முடிந்தாலும் மகளின் உரிமை குறையாது, ஏனென்றால் இருவரும் ஒரே படியில் இருப்பவர்கள். இரண்டு பிள்ளைகளும் இல்லாத குடும்பமாக இருந்தாலும் தம்பிக்கு உரிமை வராது.

கடைசியாக, 1998இன் அந்த நோட்டீஸ் இல்லவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது இறந்தவர் ஒப்பந்த வாடகைதாரர். படிகள் கிடையாது, ஓராண்டு வரம்பும் கிடையாது. மனைவி, மகன், மகள் மூவரும் சேர்ந்து வாடகை உரிமையைப் பெறுகிறார்கள். அதன் பின்னும் உரிமையாளர் சட்டம் சொல்லும் காரணங்களைக் காட்டி வெளியேற்றக் கோரலாம். ஆனால் மரணம் மட்டுமே அதற்குக் காரணமாகாது.

ஆகவே இத்தகைய வழக்குகளில் முதலில் எழும் கேள்வி, நோட்டீஸ் கொடுக்கப்பட்டதா என்பதே. பல வீடுகளில் அது கொடுக்கப்பட்டிருக்காது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வெளியேற்ற வழக்குத் தொடர, முன்னதாக அந்த நோட்டீஸ் தேவையில்லை என்று 1979இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து சென்ற தனபால் செட்டியார் வழக்கு அது. வழக்குக்குத் தேவையில்லாத நோட்டீஸ், வாரிசுரிமையைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது.

இந்தப் படிகள் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டுமே. கடைக்கு அவை பொருந்தாது. 1985இல் கியான் தேவி ஆனந்த் வழக்கில் அரசியல் சாசன அமர்வு, கடையின் சட்டவழி வாடகை உரிமையும் வாரிசுகளுக்குப் போகும் என்று கூறியது. வீட்டுக்குச் சட்டமே வரம்பு விதித்திருக்கிறது. கடைக்கு அப்படி எதுவும் விதிக்கவில்லை என்பதே காரணம்.

தமிழ்நாட்டின் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் இப்படிப்பட்ட படிகள் இருக்கவில்லை. கணவன் அல்லது மனைவி, மகன், மகள், சட்டபூர்வ வாரிசு என எவராக இருந்தாலும், இறக்கும்வரை உடன் வாழ்ந்தவர் வாடகைதாரராகத் தொடர்ந்தார். 2019 பிப்ரவரியில் அந்தச் சட்டத்தின் இடத்தில் 2017ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அது எழுத்துமூல ஒப்பந்தத்தை அடிப்படையாகக் கொண்டது. ஒன்றிய அரசு 2021இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டமும் இதே திசையில் செல்கிறது. அதன்படி ஒப்பந்தத்தில் மீதமுள்ள காலத்துக்கு அதன் நிபந்தனைகள் வாரிசுகளைக் கட்டுப்படுத்தும், உரிமையும் தரும். காலம் முடிந்தால் உரிமையும் முடியும்.

டெல்லியில் பழைய வாடகை வீட்டில் இருக்கும் குடும்பம் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஒப்பந்தத்தை முடிக்கும் நோட்டீஸ் எப்போதாவது வந்ததா? யார் யார் உடன் வாழ்கிறார்கள் என்பதை ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, பள்ளிச் சான்று போன்றவை காட்டுமா? யார் யாரை நம்பி வாழ்கிறார்கள் என்பதற்கு வங்கிக் கணக்கோ ஓய்வூதியப் புத்தகமோ சாட்சி சொல்லுமா? மரணத்துக்குப் பின் உரிமையாளர் வாடகை வாங்க மறுத்தால், அதை வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் செலுத்தச் சட்டம் வழி வைத்திருக்கிறது. வாடகை பாக்கி என்ற புதிய காரணம் முளைக்காமல் அது காக்கும்.

1976இன் திருத்தம் இரண்டு பக்கத்தையும் எடைபோட முயன்றது. துணையை இழந்தவர் வீட்டையும் இழக்கக் கூடாது, உரிமையாளரும் தலைமுறை தலைமுறையாகத் தன் வீட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. இரண்டும் நியாயமான நோக்கங்கள். ஆனால் மனைவிக்குச் சிறு ஓய்வூதியம் இருப்பதாலேயே படிக்கும் மகள் வீட்டை இழப்பது, அந்த நோக்கத்தோடு பொருந்துவதாகத் தெரியவில்லை. மேல் படியில் இருப்பவருக்கு ஓர் ஆண்டு மட்டுமே கிடைக்கும்போது, கீழ்ப் படியில் இறந்தவரை நம்பியிருந்தவர் உண்டா என்றும் சட்டம் ஒருமுறை பார்க்கலாம். இந்தச் சிறிய மாற்றம் உரிமையாளருக்குப் பெரிய சுமையாகாமல் திருத்தத்தின் நோக்கத்தைக் காப்பாற்றும்.