தட்டின் படமும் எண்ணெயின் கணக்கும்

ஒரு தட்டுச் சோற்றைப் படம்பிடித்தால் அதிலுள்ள கலோரியைச் சொல்லிவிடலாம் என்ற கூற்று இன்று பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் மறுப்பின்றி ஏற்கப்படுகிறது. மேடையில் ஒரு படம் காட்டப்படுகிறது. அதன் மேல் ‘612 கலோரி’ என ஓர் எண் தோன்றுகிறது. அவை கைதட்டுகிறது. அந்த எண்ணுக்கு முன்னும் பின்னும் எவ்வளவு தள்ளிப்போகலாம் என்று எவரும் கேட்பதில்லை. அந்த எண்ணின் எந்தப் பகுதி படத்திலிருந்து வந்தது, எந்தப் பகுதி வேறெங்கிருந்தோ வந்து படத்தின் பெயரில் கணக்கு வைக்கப்பட்டது என்ற கேள்வியும் எழுவதில்லை. இவ்விரு கேள்விகளுக்கும் விடை தராத ஆய்வை அளவீடு என்று அழைப்பது தவறு.

ஐதராபாத்தின் மாணவர் விடுதி ஒன்றில் பரிமாறப்படும் மதிய உணவை எடுத்துக்கொள்ளலாம். வட்டமான எவர்சில்வர் தட்டு, நடுவில் சோறு, ஒரு கிண்ணத்தில் பப்பு, ஓரத்தில் கத்தரிக்காய் வேபுடு, சிறிது தயிர். படத்திலிருந்து கலோரிக்குச் செல்லும் வழி நான்கு படிகளைக் கொண்டது. எது சோறு, எது பப்பு என்று பிரித்தறிவது முதற்படி. ஒவ்வொன்றின் கன அளவை மதிப்பிடுவது இரண்டாவது. கன அளவை எடையாக்குவது மூன்றாவது. எடையை உணவுச் சத்து அட்டவணையோடு பெருக்குவது நான்காவது. முதற்படியில் கருவிகள் உண்மையாகவே முன்னேறியுள்ளன. அதில் சண்டைக்கு இடமில்லை. கைதட்டல் முழுவதும் அந்தப் படிக்கே உரியது. எண்ணோ மற்ற மூன்று படிகளின் மேல் நிற்கிறது.

சோற்றிலிருந்து தொடங்கலாம். குவிந்த சோறு ஏறத்தாழக் கவிழ்த்த கிண்ணம் போன்றது. அதன் அடிவட்டத்தின் ஆரம் 7 செ.மீ., உயரம் 4 செ.மீ. எனில் கன அளவு சுமார் 340 மி.லி. உயரத்தை 5 செ.மீ. என்று கொண்டால் அதுவே 450 மி.லி. ஆகிவிடும். ஒரு விரற்கடைக்கும் குறைவான பிழை மூன்றிலொரு பங்குச் சோற்றைக் கூட்டிவிடுகிறது. நேர்மேலிருந்து எடுத்த படத்தில் உயரம் தெரிவதே இல்லை. சாய்வாக எடுத்தால் உயரம் தெரியும். ஆனால் குவியலின் பின்புறம் மறைந்துவிடும். தட்டின் வட்டம் படத்தில் நீள்வட்டமாவதை வைத்துக் கேமராவின் சாய்வைக் கணக்கிட முடியும். தட்டு எவ்வளவு பெரியது என்பதை அந்த நீள்வட்டம் சொல்லாது. 28 செ.மீ. தட்டை 26 செ.மீ. என்று கருவி எடுத்துக்கொண்டால் நீளத்தில் பிழை 7 விழுக்காடுதான். கன அளவில் அது ஐந்திலொரு பங்கு குறைவாக வந்து நிற்கும். நீளத்தின் பிழை மும்மடிப் பெருக்கமாக வளர்வதால் வரும் விளைவு இது. தட்டின் அருகே அளவு தெரிந்த ஓர் அட்டையை வைக்கச் சொல்வது இதற்காகவே. பசியோடு வரிசையில் நிற்கும் மாணவர் அதை எத்தனை நாள் செய்வார் என்பது வேறு கேள்வி.

அடுத்தது எடை. உதிரியாக வடித்த சோறும் குழைந்த சோறும் ஒரே கன அளவில் ஒரே எடை கொண்டவை அல்ல. மில்லிலிட்டருக்கு 0.65 கிராம் முதல் 0.8 கிராம் வரை அது மாறும். சோற்றின் கலோரியும் அது குடித்த நீரைப் பொறுத்தது. நூறு கிராம் அரிசி 250 கிராம் சோறானால் நூறு கிராம் சோற்றில் சுமார் 140 கலோரி. 300 கிராம் ஆனால் சுமார் 120. இவ்வளவு குறைகள் இருந்தபோதிலும், தட்டின் அளவு தெரிந்தால், சோற்றைப் பொறுத்தவரை படம் ஓரளவு பயன்படும் என்று ஒப்புக்கொள்ளலாம். ஏனெனில் சோற்றில் கலோரி கன அளவைத் தொடர்ந்து செல்கிறது. கூடுதலாகத் தெரிவது கூடுதலாகவே இருக்கிறது.

கத்தரிக்காயில் அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. நூறு கிராம் பச்சைக் கத்தரிக்காயில் இருப்பது ஏறக்குறைய 25 கலோரி மட்டுமே. கத்தரிக்காயின் சதை பஞ்சு போன்றது. வாணலியில் ஊற்றும் எண்ணெயை அது உறிஞ்சிக்கொள்ளும். ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி. ஒருவர் பங்கில் 8 கிராம் எண்ணெய் சேர்ந்தால் அந்தக் கறி சுமார் 95 கலோரி. 20 கிராம் சேர்ந்தால் 200ஐத் தாண்டும். இரண்டும் படத்தில் அதே கருநீலத் தோலும் அதே பழுப்புச் சதையுமாகவே தெரியும். மேற்பரப்பின் மினுமினுப்பு சிறிது மாறலாம். ஆனால் எவர்சில்வர் தட்டின் மேல் விழும் குழல்விளக்கின் ஒளியும் அதே மினுமினுப்பைத் தரும். இரண்டு கறிகளுக்கும் இடையிலான நூறு கலோரிக்கு மேற்பட்ட வேறுபாடு எண்பது கிராமுக்கும் கூடுதலான சோற்றுக்குச் சமம். சோற்றின் உயரத்தை மில்லிமீட்டர் அளவில் கணிக்க உழைக்கும் ஆய்வாளர், அதே தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டிச் சோற்றுக்கும் கூடுதலான கலோரி கண்ணில் படாமல் கிடப்பதைக் கணக்கில் கொள்வதில்லை.

பப்பின் நிலையும் இதுதான். கிண்ணத்தில் படம் காண்பது மஞ்சள் மேற்பரப்பை மட்டுமே. கிண்ணத்தின் ஆழம் தெரியாது. ஒருவருக்கு 15 கிராம் துவரம்பருப்பு போட்டு நீர்க்க வேகவைத்ததா, 35 கிராம் போட்டுக் கெட்டியாகக் கடைந்ததா என்பதும் தெரியாது. முன்னதில் பருப்பின் பங்கு சுமார் 50 கலோரி, பின்னதில் 115. சூடான சோற்றில் விட்ட ஒரு தேக்கரண்டி நெய் 40 கலோரிக்குக் குறையாது. கேமராவைத் திறப்பதற்குள் அது உருகி மறைந்துவிடும்.

அப்படியானால் கருவி தரும் எண்ணில் எண்ணெயின் கணக்கு எங்கிருந்து வருகிறது? பெயரிலிருந்து வருகிறது. படத்தைக் கண்டு ‘கத்தரிக்காய் கறி’ என்று கருவி பெயரிடுகிறது. அந்தப் பெயருக்கு யாரோ ஒருவர் எழுதிவைத்த செய்முறையின் எண்ணெய் அளவு தட்டின் மேல் ஏற்றப்படுகிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணை 528 உணவுப் பொருள்களைத் தருகிறது. அது மிகப் பெரும்பாலும் சமைக்காத பொருள்களின் அட்டவணை. அரிசி அதில் உண்டு, கத்தரிக்காய் உண்டு, எண்ணெய் உண்டு. இந்த விடுதியின் வேபுடு அதில் இருக்க முடியாது. பொருள்களுக்கும் சமைத்த கறிக்கும் இடையே ஒரு செய்முறை தேவை. படம் அந்தச் செய்முறையைத் தராததால் ஊகம் தருகிறது.

மொழியைப் பயில்வோர் கவனிக்க வேண்டிய இடம் இது. தெலுங்கில் வேபுடு என்றால் எண்ணெயில் வறுத்தது. புலுசு என்றால் புளிக்கரைசலில் கொதித்தது. கூர என்பது இன்னும் பொதுவான பெயர். தமிழில் வறுவல், பொரியல், கூட்டு, குழம்பு என்று பெயர்கள் பிரிவதும் சமைக்கும் முறையை ஒட்டியே. ஆக, எண்ணெய் குறித்துப் படம் சொல்லாத செய்தியின் ஒரு பகுதியைச் சொல் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறது. பயிற்சித் தரவைத் தயாரிப்பவர்களோ இவை எல்லாவற்றையும் ‘கறி’ என்னும் ஒரே ஆங்கிலச் சிமிழுக்குள் அடைக்கிறார்கள். படத்தில் இல்லாத செய்தியைத் தந்துகொண்டிருந்த ஒரே வாயிலையும் மொழிபெயர்ப்பு என்ற பெயரில் மூடிவிட்டு, அதன்பின் துல்லியம் போதவில்லை என்று மேலும் ஆயிரம் படங்கள் கேட்கிறார்கள்.

இதற்கு வழக்கமாக வரும் மறுமொழி ஒன்று உண்டு: தனித்தனித் தட்டுகளில் பிழை இருக்கலாம், ஆயிரம் தட்டுகளின் சராசரியில் அது கரைந்துவிடும். சோற்றின் உயரத்தில் வரும் பிழை ஒரு தட்டில் கூடியும் மறு தட்டில் குறைந்தும் வந்தால் இது பொருந்தலாம். எண்ணெய்க்குப் பொருந்தாது. ஒரு விடுதியின் சமையலறையில் தாராளமாக எண்ணெய் ஊற்றும் வழக்கம் இருந்தால், அங்கிருந்து வரும் எல்லாத் தட்டுகளும் ஒரே திசையில் தவறும். ஆயிரம் படம் எடுத்தாலும் அதே தவறு ஆயிரம் முறை பதிவாகும். மேலும், சராசரிப் பிழையைக் குறைக்கப் பழக்கப்பட்ட கருவி, உறுதியில்லாத இடத்தில் நடுவளவை நோக்கிச் சாயும். பெரிய பங்கைச் சிறிதாகவும் சிறிய பங்கைப் பெரிதாகவும் சொல்லும். மிகுதியாக உண்பவருக்கும் குறைவாக உண்பவருக்கும் இடையிலான வேறுபாட்டைக் காணவே உணவு ஆய்வு நடத்தப்படுகிறது. அந்த வேறுபாட்டையே கருவி தேய்த்துவிடுகிறது.

இன்சுலின் போட்டுக்கொண்டு உண்ணும் ஒரு மாணவருக்கு இது கோட்பாட்டுச் சிக்கல் அல்ல. மேற்சொன்ன 340 மி.லி. சோறு ஏறத்தாழ 245 கிராம். அதில் மாவுச்சத்து 70 கிராம் அளவில் இருக்கும். உயரத்தில் ஒரு செ.மீ. கூடுதலாகக் கணித்தால் அது 90 கிராமைத் தாண்டும். பத்து கிராமுக்கு ஓர் அலகு என்று மருத்துவர் வகுத்திருந்தால் இரண்டு அலகு கூடுதலாக உடலில் ஏறும். இரத்தச் சர்க்கரை தாழ்ந்து தலைசுற்றும்போது சராசரி அவருக்கு உதவாது.

நல்ல தரவு எப்படி இருக்கும் என்பது அறியாத செய்தி அல்ல. கூகுள் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட நியூட்ரிஷன்5கே என்னும் தொகுப்பில், கலிஃபோர்னிய உணவுக்கூடங்களின் ஏறத்தாழ ஐயாயிரம் தட்டுகள் தராசில் வைத்து எடைபோடப்பட்டுப் பதிவாயின. அங்கும் உண்மையைச் சொன்னவை தராசும் செய்முறையுமே, கேமரா அல்ல. விடுதியிலும் அந்தத் தராசு இருக்கிறது, செய்முறையைச் சொல்ல ஆளும் இருக்கிறார். முந்நூறு பேருக்கான வேபுடுவுக்குக் கிடங்கிலிருந்து 3 கிலோ எண்ணெய் எடுத்ததாகப் பதிவேடு சொன்னால் ஆளுக்கு 10 கிராம், அதாவது 90 கலோரி. வாணலியில் மிஞ்சியதையும் பாத்திரத்தில் மீந்த கறியையும் கழித்துக்கொள்ள வேண்டும். பரிமாறும் கரண்டியால் பத்து முறை எடுத்து எடைபோட்டால் ஒரு கரண்டியின் அளவும், அது எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதும் தெரிந்துவிடும். அதன்பின் படத்துக்குரிய வேலை எஞ்சுகிறது: எத்தனை கரண்டி விழுந்தது, உண்டபின் தட்டில் எவ்வளவு மிஞ்சியது என்பதை நினைவில் வைக்கும் வேலை. அதைப் படம் நன்றாகவே செய்யும்.

ஆகவே இத்தகைய கட்டுரையை மதிப்பிட வருவோர் மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும். எல்லாத் தட்டுக்கும் ஒரே சராசரி எண்ணைச் சொல்லும் வெற்றுக் கணிப்பைவிடக் கருவி எவ்வளவு மேம்பட்டது? ஒரே சமையலறையின் ஒரே நாள் தட்டுகள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்துள்ளனவா? கலந்திருந்தால் கருவி செய்முறையை மனப்பாடம் செய்திருக்கிறது, படத்தைப் படிக்கவில்லை. சமைத்தவரிடம் எண்ணெயின் அளவு கேட்கப்பட்டதா? மூன்றாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று விடை வந்தால், 612 என்ற எண்ணை அழித்துவிட்டு ‘450 முதல் 750 வரை’ என்பது போன்ற ஒரு வீச்சை எழுதச் சொல்ல வேண்டும். அந்த வீச்சு கைதட்டல் பெறாது. ஆனால் அடுப்பின் முன் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் அது பாதியாகச் சுருங்கும். அந்த ஒரு வார்த்தையைக் கேட்க மறுப்பதற்கு அறிவியலில் எந்தக் காரணமும் இல்லை.