பிள்ளைகளை ஏன் கோயிலுக்கும் சேர்ச்சுக்கும் கூட்டிப் போகிறோம்? பெற்றோருக்கு ஒரு கடிதம்



அன்பான உம்மா வாப்பாமார்களுக்கு,

சமய பாடத்தில் பிள்ளைகளை ஒரு கோயிலுக்கும் ஒரு தேவாலயத்துக்கும் கூட்டிச் செல்ல அனுமதிக் கடிதம் அனுப்பியிருந்தோம். சிலர் கையொப்பம் இடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். "பிள்ளையின் ஈமானுக்கு என்ன ஆகும்?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

நம் நாட்டில் தரம் 1 முதல் 11 வரை சமயம் கட்டாய பாடம். ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தை மட்டும்தான் படிக்கிறது. மட்டக்களப்பில் பாடசாலைகளும் பெரும்பாலும் இனவாரியாகவே இருக்கின்றன. ஆகவே பக்கத்து ஊர் மனிதர் எப்படி வணங்குகிறார் என்பதை நம் பிள்ளை அவரிடமிருந்து அறிவதில்லை, போனில் வரும் வீடியோவிலிருந்து அறிகிறது.

இதன் விலை நமக்குத் தெரியும். 1990 ஓகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்கள். 2019 ஏப்ரல் 21 அன்று சீயோன் தேவாலயத்தில் சிறுபிள்ளைகளும் பலியானார்கள். இரண்டு இடங்களுக்கும் இடையில் சில கிலோமீற்றர்தான் தூரம். வணக்கத்தலம் ஒன்றை எதிரியின் கட்டடமாக மட்டும் பார்த்தவர்கள் செய்த வேலை அது. உள்ளே போய், அங்கே இருப்பவரோடு பேசிய பிள்ளைக்கு அப்படிப் பார்ப்பது கடினம்.

பார்ப்பது வேறு, வணங்குவது வேறு. ஜெருசலத்தில் உமர் (ரழி) அவர்கள் கிறிஸ்தவர்களின் பெரிய தேவாலயத்துக்குச் சென்றார்கள் என்றும், தொழுகை நேரம் வந்ததும் வெளியே வந்து தொழுதார்கள் என்றும் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. தாம் உள்ளே தொழுதால் பிற்காலத்தில் முஸ்லிம்கள் அதைத் தமதாக்கிக்கொள்வார்கள் என்று அவர்கள் எண்ணினார்களாம். போவதற்கும் வணங்குவதற்கும் இடையிலான கோடு அங்கேயே இருக்கிறது.

அந்தக் கோட்டைத்தான் நாங்களும் பின்பற்றுகிறோம். பூசை, ஆராதனை நேரத்தில் போக மாட்டோம். கோயில்களில் உள்ளே போகும் ஆண்கள் மேற்சட்டை கழற்றுவது வழக்கம், ஆகவே நம் பிள்ளைகள் வெளி மண்டபத்தோடு நிற்பார்கள். திருநீறு, பிரசாதம் தந்தால் மரியாதையாக "வேண்டாம் ஐயா" என்று சொல்லப் பழக்குவோம். கும்பிட, மண்டியிட யாரையும் சொல்ல மாட்டோம். கேள்விகளை வகுப்பிலேயே எழுதிப் பார்த்துக்கொண்டு போவோம். இல்லாவிட்டால் பயணம் செல்பியோடு முடிந்துவிடும், அல்லது விவாதமாக மாறிவிடும்.

கேட்க நல்ல கேள்விகள் இருக்கின்றன. உதாரணத்துக்கு ஒன்று. நம் பகுதியில் தாய்வழிக் குடிமுறை இந்துக்களிடமும் இருக்கிறது, நம்மிடமும் இருக்கிறது. குடிகளின் சார்பில் கோயிலில் வண்ணக்கர் இருந்தார், பள்ளியில் மரைக்கார் இருந்தார். நம்பிக்கை வேறான இரு சமூகங்களின் நிர்வாகம் இவ்வளவு ஒத்திருந்தது எப்படி? கோயில் நிர்வாகியிடமே பிள்ளை இதைக் கேட்கட்டும். பிறகு வீட்டில் மூத்தம்மாவிடமும் கேட்கட்டும்.

அதேபோல் அந்தப் பிள்ளைகளையும் நம் பள்ளிவாசலுக்கு அழைக்க வேண்டும். ஹவ்ழு எதற்கு, மிஹ்ராப் எதற்கு, உள்ளே ஏன் உருவம் எதுவும் இல்லை என்று நம் பிள்ளைகளே விளக்கட்டும். தன் மார்க்கத்தை இன்னொருவருக்கு விளக்க முடிந்தால்தான் பிள்ளை அதை உண்மையாகப் படித்திருக்கிறது.

விருப்பமில்லாத பெற்றோரை வற்புறுத்த மாட்டோம். அந்தப் பிள்ளைக்கு வகுப்பிலேயே வேலை தருவோம், புள்ளி குறையாது. சந்தேகம் இருந்தால் நீங்களும் எங்களோடு வாருங்கள். வாகனத்தில் உங்களுக்கும் இடம் வைக்கிறோம்.