நேர்காணலுக்குப் பின் எழுதும் ஊதியக் கடிதம்: ஆய்வு மாணவர்களுக்காக ஒரு குறிப்பு

மொழியியல் படித்தவர்கள் மொழித்தொழில்நுட்ப நிறுவனங்களின் நேர்காணல்களுக்குச் செல்வது இப்போது நம் துறைகளில் வழக்கமாகிவிட்டது. பாடப்பொருள் சார்ந்த சுற்றுகளை நம்மவர்கள் பெரும்பாலும் நன்றாகவே கடக்கிறார்கள். சிக்கல் கடைசித் தொலைபேசி அழைப்பில் வருகிறது. எச்.ஆர். அலுவலர் எதிர்பார்ப்பைக் கேட்கிறார். 14 லட்சம் என்கிறோம். எங்கள் வரம்பு 9 முதல் 11 வரை என்கிறார். இருபக்கமும் சிறிது மௌனம். பார்த்துச் சொல்கிறோம் என்ற சொல்லோடு அழைப்பு முடிகிறது. அதன் பிறகு நாம் எழுதும் மின்னஞ்சலைப் பற்றியே இப்பதிவு.

நண்பர்கள் எனக்குக் காட்டிய இத்தகைய மின்னஞ்சல்கள் இரண்டு வகையின. முதல் வகை நன்றி மட்டும் சொல்லி, ஊதிய இடைவெளியைக் குறிப்பிடாமலே விட்டுவிடுகிறது. இரண்டாவது வகை, ஊதியம் எனக்கு முக்கியமன்று, எவ்வளவானாலும் இணங்குவேன் என்று எழுதுகிறது. இரண்டும் தவறு என்பது என் கருத்து. நம் துறையினர் எல்லோரும் படித்த கிரைஸின் உரையாடல் கொள்கையை இங்கே பொருத்திப் பாருங்கள். போதிய தகவல் தரவேண்டிய இடத்தில் ஒருவர் தகவலைத் தவிர்த்தால், கேட்பவர் அத்தவிர்ப்புக்கும் ஒரு பொருள் கொள்வார். இடைவெளியைப் பேசாத கடிதத்தை, இவர் 14இல் நிற்கிறார் என்றே எச்.ஆர். படிக்கிறார், கோப்பு மூடப்படுகிறது. எவ்வளவானாலும் இணங்குவேன் என்பதோ 9 லட்சம் என்றே படிக்கப்படும். 11 முதல் 14 வரை எதிர்பார்க்கிறேன் என்று எழுதுவதும் அவ்வாறே. கேட்பவர் காதில் விழுவது 11 மட்டும்.

ஆனால் இவற்றைவிட அடிப்படையான ஒன்றை நாம் கவனிப்பதில்லை. 9 முதல் 11 என்ற வரம்பு எச்.ஆர். அலுவலர் தம் விருப்பப்படி சொன்னதன்று. நிறுவனம் நம்மை எந்தப் பணிநிலையில், அவர்கள் மொழியில் எந்த கிரேடில், வைத்திருக்கிறது என்பதன் விளைவு அது. முனைவர் பட்ட ஆய்வில் கழிந்த நான்கைந்து ஆண்டுகளைப் பல நிறுவனங்கள் பணி அனுபவமாகக் கணக்கிடுவதில்லை. முதுகலை முடித்துவிட்டு நேரே வந்தவருக்கு உரிய நிலையில் நம்மை வைத்துவிடுகிறார்கள். அந்த நிலைக்கு உச்சவரம்பு 11 எனில், நாம் எவ்வளவு வாதிட்டாலும் எச்.ஆர். அலுவலரால் அதைத் தாண்ட இயலாது. பணிநிலையை மாற்றும்படி கேட்கக்கூடியவர் நம்மை நேர்கண்ட குழுத்தலைவர். ஆகவே எண்ணை உயர்த்தித் தாருங்கள் என்று கேட்பது, தர இயலாதவரிடம் கேட்பதாகும். எந்த நிலையில் என்னை மதிப்பிட்டீர்கள் என்று கேட்பதே பொருத்தமான வினா.

இன்னொரு தடையும் உண்டு. தற்போதைய ஊதியம் எவ்வளவு என்ற வினாவுக்கு நம்மிடம் இருப்பது உதவித்தொகை. யு.ஜி.சி. மூத்த ஆய்வாளர் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 42,000 ரூபாய்; வீட்டு வாடகைப்படி தனி. ஆண்டுக்கு 5,04,000. இதன்மீது முப்பது விழுக்காடு உயர்வு என்ற வழக்கமான கணக்கைப் போட்டால் 6,55,200 வருகிறது; 9 லட்சமே பெருங்கொடை போலத் தோன்றுகிறது. உதவித்தொகை ஊதியமன்று. அது கல்விச் செலவுக்காக வழங்கப்படுவது. எவ்வளவு வேலை செய்தாலும், எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அத்தொகை மாறாது. சந்தை விலையோடு அதற்குத் தொடர்பில்லை. இதை ஒரு வரியில் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

கடிதம் எழுதுமுன் 11 லட்சம் என்பது எதனால் ஆனது என்று பிரித்துப் பார்ப்பதும் தேவை. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. 11 லட்சம் சி.டி.சி.யில் பத்து விழுக்காடு, அதாவது 1,10,000, ஆண்டிறுதி மதிப்பீட்டைப் பொறுத்து வரும் மாறும் ஊதியம். எஞ்சிய 9,90,000இல் அடிப்படை ஊதியம் மாதம் 45,000 என்று கொள்வோம். நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்புநிதிப் பங்கு அதன் 12 விழுக்காடு, ஆண்டுக்கு 64,800. பணிக்கொடைக்கான ஒதுக்கீடு 4.81 விழுக்காடு, ஏறத்தாழ 26,000. மருத்துவக் காப்பீட்டுத் தவணை 12,000. இவை போக 8,87,200. மாதத்துக்கு ஏறத்தாழ 73,900. நம் பங்கு வைப்புநிதி 5,400, கர்நாடகத்தில் தொழில்வரி 200 கழிந்தால் கைக்கு வருவது சுமார் 68,300. 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையில் இவ்வளவு வருமானத்துக்கு வருமான வரி வாராது. 11 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து 91,000 என்று மனக்கணக்கு போட்டவருக்கு இது அதிர்ச்சி. நாம் நினைத்த 14 லட்சம் எந்தக் கணக்கில் சொல்லப்பட்டது என்பதையும் அப்போதுதான் நமக்கு நாமே கேட்டுக்கொள்கிறோம். சிலர் கைக்கு வரும் தொகையை மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள், நிறுவனம் சி.டி.சி.யைச் சொல்கிறது.

என் துறைத் தோழி ஒருவர் சென்ற ஆண்டு இதே நிலையில் இருந்தார். பெங்களூரு நிறுவனம் ஒன்றில் தமிழ்ப் பேச்சுத் தரவுப் பணி. அவர் சொன்னது 14, நிறுவனம் சொன்னது 9 முதல் 11. மறுநாள் அவர் ஆங்கிலத்தில் எழுதிய மின்னஞ்சலின் தமிழ் வடிவத்தை அவருடைய இசைவுடன் தருகிறேன்.

“வணக்கம். நேற்றைய உரையாடலுக்கு நன்றி. என் எதிர்பார்ப்புக்கும் தங்கள் வரம்புக்கும் ஏறத்தாழ 3 லட்சம் இடைவெளி இருப்பதை அறிந்தேன். இப்பணியில் எனக்கு ஆர்வம் குறையவில்லை. ஆதலால் ஒன்று கேட்க விரும்புகிறேன். 9 முதல் 11 என்பது எந்தப் பணிநிலைக்கு உரியது? நேர்காணலில் விவாதித்த வேலை, ஒலிபெயர்ப்பு விதிகளை உருவாக்குவதும் பிறருடைய பணியைச் சரிபார்ப்பதும் ஆகும். என் ஆய்வில் இதையே செய்திருக்கிறேன். நாற்பது மணி நேர வட்டாரப் பேச்சுக்கு ஒலிபெயர்ப்பு விதிகளை எழுதி, மூவருக்குப் பயிற்சியளித்து, அவர்களுக்கிடையிலான ஒப்புமையை அளந்து விதிகளைத் திருத்தினேன். இதைப் பணி அனுபவமாகக் கொண்டு அடுத்த நிலையில் மதிப்பிட இயலுமா என்று குழுத்தலைவரிடம் கேட்டுச் சொல்ல வேண்டுகிறேன். என் உதவித்தொகை ஊதியமன்று என்பதால் அதை அடிப்படையாகக் கொள்ள வேண்டா. மொத்தம் 13.5 லட்சம் எனில் நான் உடனே இசைவு தர இயலும். ஆய்வேட்டை மார்ச்சில் அளிக்கிறேன். ஏப்ரல் முதல் வாரத்தில் சேரலாம்.”

இதில் நான் மெச்சுவது, இக்கடிதத்தை எச்.ஆர். அலுவலர் ஒரு சொல்லும் மாற்றாமல் குழுத்தலைவருக்கு அனுப்ப முடியும் என்பதைத்தான். நேர்காணலில் இல்லாத ஒருவர், நிதிப் பிரிவினர் உட்பட, படித்தாலும் வேண்டுகோள் இன்னது, காரணம் இன்னது என்பது விளங்கும். வீட்டுக் கடன், பெங்களூரு வாடகை, இத்தனை ஆண்டு படித்த களைப்பு எதுவும் இல்லை. அவை உண்மையே, ஆனால் பணிநிலையை மாற்றும் குறிப்பில் அவற்றை யாரும் எழுத இயலாது. பட்டங்களின் பட்டியலும் இல்லை. அந்த வேலைக்கு நேராக நிற்கும் ஒரு செயல் மட்டும் இருக்கிறது. 14 என்று சொன்னவர் 13.5க்கு வந்திருப்பதும் ஒரே எண்ணாக வந்திருப்பதும் கவனிக்கத்தக்கவை. ஒரு திருத்தம் சொல்வேன்: மொத்தத்தில் நிலையான பகுதி எவ்வளவு என்று அவர் அப்போதே கேட்டிருக்கலாம்.

ஆறு வேலைநாட்கள் மறுமொழி இல்லை. பிறகு உதவித்தொகை ஆணையின் படியையும் சேரும் நாளின் உறுதியையும் கேட்டு ஒரு கடிதம் வந்தது. இத்தகைய வினாக்கள் கோப்பு உயிரோடு இருப்பதன் அடையாளம். தங்கள் விவரங்களைப் பாதுகாத்து வைக்கிறோம் என்று வந்தால் அங்கே முடிந்தது. இறுதியில் பணிநிலை ஒன்று உயர்ந்தது, ஊதியம் 12.8 லட்சம், அதில் பத்து விழுக்காடு மாறும் பகுதி. கேட்ட 13.5 கிடைக்கவில்லை. அவர் சேர்ந்தார்.

எங்கும் இது பலிக்கும் என்று நான் சொல்லவில்லை. வேலையே உண்மையில் தொடக்கநிலை வேலை எனில், அதாவது பிறர் எழுதிய விதிகளைப் பின்பற்றி வாக்கியங்களுக்குக் குறியிடுவது மட்டும் எனில், முனைவர் பட்டம் அதன் பணிநிலையை உயர்த்தாது. அங்கே மறுப்பதா ஏற்பதா என்பது மட்டுமே மிச்சம். நிதிநல்கைத் திட்டப் பணிகளில் தொகுப்பூதியத்தை நல்கும் அமைப்பே வரையறுத்துவிடுகிறது. திட்ட முதன்மை ஆய்வாளரிடம் ஊதியம் கேட்டு எழுதுவது அவரைச் சங்கடப்படுத்துவதன்றி வேறில்லை. அவரிடம் ஆய்வேட்டுக்கான விடுப்பைக் கேட்கலாம். பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணியிடத்தில் ஏழாம் ஊதியக்குழுவின் பத்தாம் நிலை, தொடக்கம் 57,700 என்பது விளம்பரத்திலேயே அச்சாகியிருக்கும்.

நிறுவனம் பணிநிலையை மாற்ற மறுத்து, சேரும்போது ஒருமுறை ஊக்கத்தொகை தருகிறோம் என்று சொல்வதும் உண்டு. ஒரு லட்சம் என்றால் மனம் இளகும். ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனை அதில் பெரும்பாலும் இருக்கும். அடுத்த ஆண்டு உயர்வு கணக்கிடப்படும்போது அத்தொகை சேராது. ஆறு மாதத்தில் பணிநிலையை மறுபரிசீலனை செய்கிறோம் என்ற வாய்மொழி உறுதியைவிட, அதே சொற்கள் பணி ஆணையில் இருப்பதையே நான் தேர்வேன். பணி ஆணை வெளிவந்த பிறகு திருத்தம் கேட்டால் ஒப்புதல்கள் எல்லாம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஆதலால் இவற்றை அதற்கு முன்பே, அழைப்பு முடிந்த ஓரிரு நாளில், எழுத்தில் கேட்க வேண்டும். மறுமொழி இல்லையெனில் ஒரு வாரம் கழித்து இரண்டு வரியில் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் மறுமொழி இல்லையெனில் இன்னும் பத்து நாளில் ஒருமுறை. மூன்றாவது நினைவூட்டலை எழுத உட்காரும்போது, அந்நேரத்தில் வேறொரு விண்ணப்பத்தை எழுதலாம்.

உதவித்தொகை பெறுபவர்களுக்கு ஒன்று. உதவித்தொகையும் ஊதியமும் ஒரே காலத்தில் பெற விதியில் இடமில்லை. எனவே சேரும் நாளைக் கடிதத்தில் எழுதுமுன் நெறியாளரிடமும் துறை அலுவலகத்திலும் பேசி, உதவித்தொகை முடியும் நாளை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கருத்துப் பகுதியில் உங்கள் துறை நிறுவனங்கள் ஆய்வு ஆண்டுகளை எவ்வாறு கணக்கிடுகின்றன என்று எழுதுங்கள். நிறுவனப் பெயர்கள் வேண்டா. வரலாறு, சமூகவியல் துறையினரின் அனுபவத்தை அறிய எனக்குத் தனி ஆர்வம் உண்டு.